மறைக்காத!

2023 டிசம்பர் வெள்ளத்தில் மீனாட்சிபுரத்து வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் புகுந்தது. பீரோ, பிரிட்ஜ், சிவகாமி டீச்சரின் தையல் மிஷின் எல்லாம் போயின. மச்சில் பிஸ்கட் டின்னுக்குள் கிடந்த வீடியோ கேசட்டுகள் மட்டும் தப்பின. "பாத்தியா, நான் மேல தூக்கி வச்சது எவ்வளவு நல்லதாப் போச்சு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சண்முகம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தார். மறு ஐப்பசியில் அவரே போய்விட்டார்.

முதல் வருஷ நினைவு நாளுக்கு ஒரு படம் செய்யலாம் என்றது கோமதிதான். பெங்களூரிலிருந்து போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பத்து நிமிஷம் போதும். பின்னால் புல்லாங்குழல். கடைசியில் மாலை போட்ட போட்டோ, கீழே 'எங்கள் அன்புத் தெய்வம்'.

"தெய்வமா? அந்த மனுசனையே என்னால சமாளிக்க முடியல" என்றாள் சிவகாமி.

கேமரா அவருடைய தம்பி துபாயிலிருந்து 1991-ல் கொண்டுவந்த ஹேண்டிகேம். எப்போதோ உயிரை விட்டுவிட்டது. வண்ணார்பேட்டை ஸ்டுடியோக்காரப் பையன் கேசட்டுகளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை ஏறியிருப்பதைக் காட்டினான். துடைத்துத்தான் ஓட்ட வேண்டும், அவசரப்பட்டால் டேப் அறுந்துவிடும் என்றான். எல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏறி வர ஆடி கழிந்துவிட்டது.

குமரேசன் விட்டுப்போன பழைய லேப்டாப்பில் Shotcut-ஐ ஏற்றிக் கொடுத்தான் பக்கத்து வீட்டு இசக்கி. பாலிடெக்னிக் படிக்கிறவன். "வெட்டணும்னா S, வெட்டுன துண்டை எடுக்கணும்னா X, தப்பாப் போச்சுன்னா Ctrl+Z. இந்த மூணு போதும் டீச்சர்." பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவளுக்கு அது ஒரு பெரிய விஷயமாகத் தெரியவில்லை. ஒரு நீள நோட்டில் கோடு போட்டு, கேசட், நிமிஷம், யார், என்ன என்று நான்கு கட்டமாக எழுதத் தொடங்கினாள்.

பார்க்கப் பார்க்க ஒன்று புரிந்தது. மனுசர் எந்த கேசட்டிலும் இல்லை. இருப்பதெல்லாம் அவர் குரல்தான், அதுவும் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை திட்டு.

1992 நவம்பர் வெள்ளம். ஆற்றுக்கு நடுவே குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தண்ணீர் முக்கால்வாசி முழுங்கியிருக்கிறது. கலங்கல் தண்ணீர் சுழித்துக்கொண்டு போகிறது. கரையில் யாரோ ஒருவரின் பின்மண்டை. "யோவ், தலையை எடுமய்யா! வெள்ளத்தைப் பாக்க விடும்!" மண்டை திரும்பி முறைக்கிறது, போகவில்லை. மிச்ச நேரம் முழுக்க வெள்ளமும் மண்டையும்.

குற்றாலம், ஐந்தருவி. சிவகாமி ஈரத் தலையோடு விறைத்து நிற்கிறாள். "ஏளா, கேமராவப் பாக்காத. இயல்பா இரு. இயல்பான்னா சிரிக்கணும். பல்லைக் காட்டாத!" பள்ளிக்கூட ஆண்டு விழா. சிறப்பு விருந்தினருக்குக் கழுத்துக்கு மேலே காணோம். ஓரத்தில் நாற்காலி தூக்கிக்கொண்டு ஓடும் சிவகாமியை மட்டும் கேமரா விடாமல் துரத்துகிறது. "இவ ஒரு இடத்துல நிக்க மாட்டாளே" என்று முணுமுணுப்பு வேறு. அந்த கேசட்டால் தலைமையாசிரியை அம்மாவிடம் வாங்கிக்கட்டிக்கொண்டது சிவகாமிக்கு இன்னும் மறக்கவில்லை.

முதல் வெட்டு தயாரானதும் கோமதிக்கு அனுப்பினாள். ராத்திரியே போன் வந்தது.

"அம்மா, என்னம்மா இது, படம் முழுக்க அப்பா கத்திக்கிட்டே இருக்காங்க? மாமியார் வீட்டுல இருந்தெல்லாம் வருவாங்க. திட்டுறதை எல்லாம் எடுத்துருங்க."

சரி என்று எடுத்தாள். இதற்கு ஒன்றும் மெனக்கெட வேண்டாம். டைம்லைனில் ஒலிக்கோடு எங்கே முள் முள்ளாக எழும்புகிறதோ அங்கே அவர் வாயைத் திறந்திருக்கிறார் என்று அர்த்தம். S, X. S, X. பிறகு ஓட விட்டுப் பார்த்தாள். அருவி விழுந்தது, ஆறு ஓடியது, சொந்தக்காரர்கள் வரிசையாக நின்று கேமராவைப் பார்த்தார்கள். யார் வீட்டு வீடியோ என்று கேட்டால் சொல்லத் தெரியாது. புல்லாங்குழலைச் சேர்த்ததும் துணிக்கடை விளம்பரம் மாதிரி ஆகிவிட்டது.

நோட்டில் பார்க்காத கேசட் ஒன்று பாக்கி இருந்தது. லேபிள் இல்லாதது. மூலையில் 18.4.1993 என்று தேதி. சிவகாமி அப்போது விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போயிருந்தாள்.

அவளுடைய அடுப்படி. அவள் இல்லாத அடுப்படி. பனியனும் சாரமுமாக சண்முகம் அடுப்பு முன்னால் நிற்கிறார், ரவையைக் கிண்டுகிறார். சட்டியிலிருந்து புகை கிளம்புகிறது. கேமரா ரொம்பத் தாழ்ந்திருக்கிறது. அவர் தொப்புளிலிருந்து தொடங்கி மெதுவாக மேலே ஏறி, மோவாயில் நின்றுவிடுகிறது.

"இது சிவகாமி டீச்சர் வீடு," செய்தி வாசிப்பவர் குரலில் சொல்கிறார். "டீச்சர் ஊரான் வீட்டுப் பிள்ளைகளுக்கு மார்க் போடப் போயிருக்காங்க. டீச்சர் பிள்ளைகளுக்கு இன்னைக்கு உப்புமா."

"அப்பா, கருகுது!" குமரேசனின் மழலை.

"கருகல மக்கா. முறுகுது."

அவர் குனிந்து உப்பு ஜாடியை எடுக்க, சட்டி முழுக்க அவர் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. அப்போது கேமராவுக்குப் பின்னாலிருந்து எட்டு வயசுக் குரல், அதே ராகத்தில், அதே எரிச்சலோடு:

"எப்பா, மறைக்காத! தள்ளி நில்லு! எத்தனை தடவை சொல்றது!"

சண்முகம் கரண்டியோடு சுவரோரமாக ஒதுங்கி, வாயைப் பொத்திக்கொள்கிறார். தோள் குலுங்குகிறது.

சிவகாமிக்கு முதலில் கோபம்தான் வந்தது. புது ரவை, ஒரு கிலோ, யார் காலி செய்தது என்று அன்றைக்கு வீட்டையே இரண்டாக்கியிருந்தாள். மூன்று பேரும் கல் மாதிரி நின்றார்கள், ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. எறும்பு என்று சொன்னவர் இந்த மனுசர். அப்புறம் அந்த இடத்தையே திரும்பத் திரும்ப ஓட விட்டாள். சிரித்ததில் இருமல் வந்து, இசக்கியின் அம்மா என்னமோ ஏதோ என்று சன்னலுக்கு வந்துவிட்டாள்.

அந்தத் துண்டை மட்டும் கோமதிக்கு அனுப்பினாள். நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. வெகுநேரம் கழித்து, "திட்டு எல்லாத்தையும் திரும்பச் சேர்த்துருங்க" என்று ஒரு வரி. அதற்குக் கீழே, "புல்லாங்குழல் வேண்டாம்."

Ctrl+Z-ஐ அழுத்திக்கொண்டே போனாள். வெள்ளைக்காகிதமாகக் கிடந்த ஒலிக்கோட்டில் முள்ளெல்லாம் ஒவ்வொன்றாக முளைத்தன.

நினைவு நாளன்று படையல், சாப்பாடு எல்லாம் முடிந்ததும் கூடத்துச் சுவரில் வேட்டியைக் கட்டினார்கள். குமரேசன் புரொஜக்டருக்கு முன்னால் நின்று வயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே படம் தொடங்கிவிட்டது. சிவகாமி படத்தை எந்த முகத்திலும் தொடங்கவில்லை. கருந்திரையில் குரல் மட்டும்.

"எலேய், மறைக்காத!"

குமரேசன் துள்ளி விலகினான். மஸ்கட்டில் நாற்பது பேரை வேலை வாங்குகிற ஆள். கூடமே சிரித்தது. கோமதியின் மாமனார்தான் அதிகம் சிரித்தார்.

அதன்பின் ஒருவரும் சும்மா இருக்கவில்லை. எங்களை இப்படித்தான் கோயில் வாசலில் வெயிலில் நிற்க வைத்தார், என் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் ஐயரையே தள்ளி உட்காரச் சொன்னார் என்று ஆளாளுக்குத் தொடங்கிவிட்டார்கள். படத்தில் பேசுவது கேட்கவில்லை என்று சிவகாமி டீச்சர் இரண்டு தடவை அதட்ட வேண்டியிருந்தது.

உப்புமா வந்ததும் சண்முகத்தின் அக்கா திரைக்குக் கிட்டப் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"ஏளா சிவகாமி, அந்தச் சட்டி நான் உனக்குச் சீராக் குடுத்ததுல்லா? எங்க அது?"

"வெள்ளத்துல போயிட்டு மதினி."

"வெள்ளத்துல போச்சா, இல்ல இந்தப் பய கருக்குன கருக்குல அன்னைக்கே போச்சா? உண்மையச் சொல்லு."