வீட்டுக்கு வர்ற நர்ஸ்களுக்கு ஹேண்டோவர்: ஆயர் ஈத்தாம் பாட்டி, 78 வயசு, படுக்கைப் புண் மூணு இடத்துல

வணக்கம் அக்கா. பாட்டி இன்னிக்கு செவ்வாய்க்கிழமை மத்தியானம் டிஸ்சார்ஜ், ஃப்ளாட் 11வது மாடி, மகதான் பாத்துக்கறாங்க. ஸ்ட்ரோக்குல இடது கை கால் வராது, சுகர் இருக்கு, அலர்ஜி இல்ல. இன்னிக்கு காலைல டிரெஸ்ஸிங் மாத்தியாச்சு, அடுத்தது வியாழக்கிழமை.

பெருசு சேக்ரம்ல, ஸ்டேஜ் 3. நீளம் 5 செ.மீ., அகலம் 4, ஆழம் 1.5. தலைப் பக்கத்த 12 மணியா வச்சுக்குங்க, 12ல இருந்து 3 மணி வரைக்கும் அண்டர்மைனிங் இருக்கு, 2 மணி கிட்டதான் ரொம்ப ஆழம், 2 செ.மீ. மேல பாத்தா சின்ன புண்ணு மாதிரிதான் தெரியும், அதனால தயவுசெஞ்சு ஒவ்வொரு வாட்டியும் புரோப் பண்ணி பாருங்க. பாட்டி வார்டுக்கு வந்தப்ப கூட வந்த நோட்டுல "பின்னால புண்" அவ்வளவுதான் இருந்துச்சு, பெருசாச்சா குறைஞ்சுச்சான்னு எங்களால சொல்லவே முடியல, எனக்கு அது இன்னும் மனசுல உறுத்துது. புண்ணோட தளம் 70% சிவப்பு கிரானுலேஷன், 30% மஞ்ச ஸ்லஃப் ஒட்டிக்கிட்டு இருக்கு, எலும்பு தெரியல. எக்ஸுடேட் மிதமா, சீரஸ், வாடை இல்ல. 6 மணிப் பக்கம் ஓரம் உள்ள சுருண்டிருக்கு, சுத்தி 1 செ.மீ. தோல் ஊறி வெளுத்திருக்கு, அங்க பேரியர் ஃபிலிம் போடுங்க. நார்மல் சலைன்ல கழுவி, அல்ஜினேட் ரோப் ஒரே துண்டா அந்தப் பொந்துல லூசா வச்சு வால் வெளிய தெரியணும், அடைச்சு திணிக்க வேணாம், மேல ஃபோம். ரெண்டு நாளுக்கு ஒரு வாட்டி. அரை மணி நேரம் முன்னாடியே பனடோல், பாட்டி வலிக்குதுன்னு சொல்ல மாட்டாங்க, கட்டில் கம்பிய இறுக்கி புடிச்சுக்குவாங்க, அதான் அடையாளம்.

இடது குதிகால் அன்ஸ்டேஜபிள், 3க்கு 2.5 செ.மீ., காஞ்ச கறுப்பு எஸ்கார், நல்லா ஒட்டியிருக்கு, சுத்தி சிவப்பு வீக்கம் இல்ல. கால்ல பல்ஸ் ரொம்ப வீக், அதனால அத வெட்டவோ ஊற வைக்கவோ கூடாது, காஞ்சே இருக்கட்டும். கெண்டைக்கால் அடியில தலகாணி வச்சு குதிகால் காத்துல நிக்கணும்.

வலது இடுப்பு எலும்பு மேல ஸ்டேஜ் 1, 4க்கு 3 செ.மீ., தோல் பிரியல. பாட்டி நல்ல கறுப்பு, சிவப்ப தேடினா ஏமாந்துடுவோம், பக்கத்து தோலவிட கருமையா, தொட்டா சூடா, கெட்டியா இருக்கும். ஊதா நிறமாவோ கொப்புளமாவோ மாறினா டீப் டிஷ்யூ இஞ்சரின்னு நெனச்சு அன்னிக்கே டாக்டருக்கு சொல்லுங்க. வீட்டுல டிவி வலது பக்கம், அதான் எந்நேரமும் அந்தப் பக்கமே சாயறாங்க, டிவிய நகத்தச் சொல்லியிருக்கேன், நகத்தினாங்களான்னு பாருங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு வாட்டி திருப்பணும், 30 டிகிரி சாய்வுதான். ரப்பர் வளையம் வேணாம்.

மக மஞ்சத்தூள் போட பாத்தாங்க, அன்பாலதான், பக்குவமா சொல்லுங்க. மீனும் முட்டையும் கொடுக்கறாங்க, மைலோல பால்டின் மட்டும் நிறுத்தணும்.

எஸ்கார் மெத்துன்னு ஆனா, நாத்தம், சீழ், காய்ச்சல் வந்தா, புரோப் எலும்புல தட்டினா அடுத்த விசிட்டுக்கு காத்திருக்காதீங்க, உடனே அனுப்பிடுங்க. டிரெஸ்ஸிங் சாமான் ரெண்டு வாட்டிக்குதான் பையில வச்சிருக்கேன்.