பொருள்: இலக்கண இடைத்தேர்வு, கேள்வி 4(ஆ) ‘உணவகம்’ – விடையை மறுபார்வை செய்யக் கேட்டு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் இரண்டாம் ஆண்டுத் தமிழியல் மாணவி, புதன்கிழமை விளக்கவகுப்பில் இருப்பவள். நேற்று வகுப்பில் இடைத்தேர்வு விடைத்தாளைத் திரும்பப் பெற்றேன். நான்காம் கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு எனக்குச் சுழியம் கிடைத்துள்ளது. அந்த விடையை மட்டும் தாங்கள் இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று கேட்டுத்தான் இந்த மின்னஞ்சலை எழுதுகிறேன். புலனத்தில் சுருக்கமாகக் கேட்டால் மரியாதையாக இராது, நூற்பாக்களையும் சரியாகக் காட்ட முடியாது. அதனால் சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் ஐயா.

கேள்வி இது: “மருந்தகம், உணவகம் ஆகிய சொற்களைப் பிரித்து, நிலைமொழி ஈற்றின் வகையைக் குறிப்பிட்டு, புணர்ச்சி விதிகளை எழுதுக.” ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று புள்ளி. மருந்தகத்துக்கு மென்தொடர்க் குற்றியலுகரம் என்று எழுதி மூன்றும் பெற்றேன். உணவகத்துக்கு நான் எழுதியதை அப்படியே தருகிறேன்:

உணவு + அகம். நிலைமொழி ஈறு முற்றியலுகரம்.
‘முற்றும் அற்று ஒரோவழி’ – உணவ் + அகம்.
‘உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே’ – உணவகம்.

இந்த மூன்று வரிக்கும் குறுக்கே சிவப்புக் கோடு உள்ளது. ‘முற்றியலுகரம்’ என்ற சொல் வட்டமிடப்பட்டு, ஓரத்தில் “குற்றியலுகரம் – உயிர்த்தொடர்” என்று எழுதப்பட்டிருக்கிறது. தாளின் படத்தை இணைத்துள்ளேன்.

முதலில் தவறு என்னுடையது என்றே நினைத்தேன். ‘உணவு’ தொடர்மொழி. ஈற்றயலில் ‘ண’ இருக்கிறது, அதாவது ஈற்றுக்கு முன் உயிர் நிற்கிறது. ‘வரகு’ போலத்தானே இதுவும் என்று பேருந்தில் போகும்போதே எனக்குத் தோன்றிவிட்டது. விடுதிக்கு வந்து நம் பாடநூலான நன்னூல் எழுத்ததிகாரத்தைக் காண்டிகையுரையோடு எடுத்துப் படித்த பிறகுதான் எழுதியது சரி என்று உறுதியானது. பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும் என்பதால் நூற்பா எண்ணையே குறிப்பிடுகிறேன்.

குற்றியலுகரத்துக்கு இலக்கணம் சொல்வது 94ஆம் நூற்பா:

“நெடிலோடு ஆய்தம் உயிர்வலி மெலியிடைத்
தொடர்மொழி இறுதி வன்மையூர் உகரம்
அஃகும் பிறமேல் தொடரவும் பெறுமே”

இதில் ‘வன்மையூர் உகரம்’ என்பதுதான் என் விடைக்கு அடிப்படை. குறைவது எல்லா உகரமும் அல்ல, வல்லின மெய்யின்மேல் ஊர்ந்து வரும் உகரம் மட்டுமே. கு, சு, டு, து, பு, று என்னும் ஆறில் ஒன்று ஈற்றில் நிற்க வேண்டும். ஈற்றயல் எது என்று பார்த்து உயிர்த்தொடரா, மென்தொடரா என்று பெயர் வைப்பது அதற்கு அடுத்த படி. நாகு, எஃகு, வரகு, கொக்கு, குரங்கு, மார்பு என ஆறு வகைக்கும் எந்தச் சொல்லை எடுத்தாலும் ஈற்றில் வல்லினம்தான் இருக்கிறது. ‘உணவு’ ஈற்றில் இருப்பதோ வகர மெய், இடையினம். ஆகவே ஈற்றயலைப் பார்க்கும் படிக்கே அந்தச் சொல் வருவதில்லை. வரகும் உணவும் எழுத்துக் கணக்கில் ஒன்று போலத் தெரிந்தாலும், கடைசி மெய்யில் பிரிந்துவிடுகின்றன.

தொல்காப்பியமும் இதையே சொல்கிறது. மொழிமரபில் “நெட்டெழுத்து இம்பரும் தொடர்மொழி ஈற்றும் குற்றியலுகரம் வல்லாறு ஊர்ந்தே” என்று வருகிறது. ‘வல்லாறு’ என்று எண்ணிக்கையோடு சொல்லியிருப்பதால் வகரத்துக்கு அங்கேயும் இடமில்லை.

என்னோடு படிக்கும் தோழி ஒருத்தியிடம் இதைக் காட்டியபோது அவள் நல்ல கேள்வி ஒன்று கேட்டாள். “கடைசியில் ‘பிறமேல் தொடரவும் பெறுமே’ என்று இருக்கிறதே, பிற மெய்களின் மேலும் குற்றியலுகரம் வரும் என்றுதானே பொருள்?” நேராகப் படித்தால் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் உரை அந்தத் தொடருக்கு வேறு பொருள் தருகிறது. நெடில் ஒழிந்த மற்ற ஈற்றயல் எழுத்துகளுக்கு முன்னால் வேறு எழுத்துகளும் தொடர்ந்து வரலாம் என்பதே அதன் கருத்து. சொல்லின் நீளத்தைப் பற்றிய செய்தி அது, ஈற்று மெய்யைப் பற்றியதல்ல. ‘பிற மெய்கள்’ என்று கொண்டால், முதலில் ‘வன்மையூர்’ என்று வரையறுத்ததற்கே பொருள் இல்லாமல் போய்விடும். இருவரும் இரவு பதினொரு மணி வரை இதைப் பேசினோம். முடிவில் அவளும் ஒப்புக்கொண்டாள்.

அடுத்தது புணர்ச்சி விதி. 164ஆம் நூற்பா:

“உயிர்வரின் உக்குறள் மெய்விட்டு ஓடும்
யவ்வரின் இய்யாம் முற்றும்அற்று ஒரோவழி”

மருந்தகத்தில் உகரம் ஓடியதற்கு முதலடி விதி. உணவகத்திலும் உகரம் ஓடுகிறது என்பதனாலேயே அதுவும் குற்றியலுகரமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் எளிதில் வந்துவிடும் ஐயா. ஆனால் முற்றியலுகரமும் சில இடங்களில் அதே போல ஓடும் என்று சொல்வதற்காகவே ‘முற்றும் அற்று ஒரோவழி’ அங்கே நிற்கிறது. இங்கே ‘அற்று’ என்பது ‘அத்தன்மையது’ என்னும் பொருளில் வருகிறது. நிலவு + ஒளி நிலவொளி ஆவதும், கதவு + ஓரம் கதவோரம் ஆவதும், ஏழு + அடி ஏழடி ஆவதும் இதனால்தான். ‘ஒரோவழி’ என்று ஏன் கட்டுப்படுத்தினார் என்பதும் பிறகு விளங்கியது. திரு + அருள் ‘திரருள்’ ஆவதில்லை, உகரம் நின்று உடம்படுமெய் பெற்றுத் திருவருள் ஆகிறது. தெருவோரமும் அப்படியே. கதவோரத்தில் ஓடிய உகரம் தெருவோரத்தில் நிற்கிறது, இரண்டுமே முற்றியலுகரம்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோதுதான் ‘ஒரோவழி’ என்ற ஒரே சொல் எவ்வளவு வேலை செய்கிறது என்று புரிந்தது. தேர்வுக்குப் படித்தபோது நான் அதை இவ்வளவு கவனிக்கவில்லை.

பேச்சில் ‘உணவு’ என்னும்போது கடைசி உகரத்துக்கு இதழ் குவிவதில்லை என்பதும் உண்மையே. வீட்டில் நாம் சொல்லும் ‘கதவு’ம் ‘கயிறு’ம் ஈற்றில் ஒரே மாதிரிதான் ஒலிக்கின்றன. காதுக்குக் கேட்பதை வைத்து வகைப்படுத்தினால் குழப்பம் வரத்தான் செய்யும். ஆனால் கேள்வி நன்னூல் வழி விதியைக் கேட்டது, நூலின் வரையறைப்படிதான் விடை எழுதினேன்.

என் விடையிலும் ஒரு குறை இருப்பதை உணர்கிறேன். 94ஆம் நூற்பாவைக் காட்டி ‘வகரம் வல்லினம் அன்று, ஆதலால் முற்றியலுகரம்’ என்று காரணம் எழுதியிருக்க வேண்டும். காரணம் இல்லாமல் வகையின் பெயரை மட்டும் எழுதிவிட்டேன். அதற்காகப் புள்ளி குறைத்தால் ஏற்றுக்கொள்கிறேன். அதோடு, வகை பற்றித் தங்கள் முடிவு வேறாக இருந்தாலும், உணவு + அகம் என்று பிரித்ததும், இறுதியில் காட்டிய 204ஆம் நூற்பா விதியும் இரண்டு வழியிலும் மாறாதவை. அந்தப் பகுதிகளையாவது கருத்தில் கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஏழாம் கேள்வியில் ‘வெந்நீர்’ சொல்லுக்குப் புள்ளி குறைத்தது முற்றிலும் சரி. வெம்மை + நீரில் மை விகுதி போன பின் மகரம் நகரமாகத் திரிந்திருக்கிறது, முன் நின்ற மெய் திரிதல். நான் வெற்றிலையை மனத்தில் வைத்துக்கொண்டு தன்னொற்று இரட்டல் என்று எழுதிவிட்டேன். அதைப் பற்றி எனக்கு எந்தக் கேள்வியும் இல்லை.

மூன்று புள்ளிக்காகவா இவ்வளவு எழுத வேண்டும் என்று தாங்கள் நினைக்கலாம். புள்ளியும் எனக்கு முக்கியம்தான் ஐயா, உதவித்தொகைக்குத் தரப்புள்ளி கணக்கில் வருகிறது. ஆனால் அதைவிட என்னை விடாமல் தொந்தரவு செய்வது வேறு. சனிக்கிழமைகளில் பிரிக்பீல்ட்ஸில் நான்கு பிள்ளைகளுக்கு எஸ்.பி.எம். தமிழ்மொழி டியூஷன் எடுக்கிறேன். போன மாதம் புணர்ச்சி நடத்தியபோது, ஜாலான் துன் சம்பந்தனில் கண்ணில் படும் கடைப் பலகைகளையே எடுத்துக்காட்டாகக் காட்டினேன். மருந்தகம், உணவகம் என்ற இரண்டையும் கரும்பலகையில் எழுதி, “இரண்டிலும் உகரம் ஓடியிருக்கிறது, ஆனால் ஒன்று குற்றியலுகரம், ஒன்று முற்றியலுகரம், கடைசி மெய்யைப் பாருங்கள்” என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நான் சொன்னது தவறு என்றால் வருகிற சனிக்கிழமையே அவர்களிடம் திருத்திச் சொல்லியாக வேண்டும். சரி என்றால் அவர்கள் குறிப்பேட்டில் இருப்பது அப்படியே இருக்கட்டும். எதுவென்று தெரியாமல் அவர்கள் முன்னால் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் குழுவில் வேறு இருவரும் முற்றியலுகரம் என்றே எழுதிப் புள்ளி இழந்திருக்கிறார்கள். விடைத்திட்டத்திலேயே அப்படி இருந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். அப்படியானால் அவர்கள் தாள்களையும் சேர்த்துப் பார்க்க முடியுமா? குற்றியலுகரம் என்று எழுதிப் புள்ளி பெற்றவர்களுக்கு எதையும் குறைக்க வேண்டும் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலைக்குள் புள்ளிகள் பதிவாகிவிடும் என்று வகுப்பில் சொன்னீர்கள். வியாழக்கிழமை காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை எனக்கு வகுப்பில்லை. தங்களுக்கு வசதியான நேரத்தைச் சொன்னால் விடைத்தாளையும் நன்னூலையும் எடுத்துக்கொண்டு அறைக்கு வருகிறேன். நான் எங்காவது உரையைத் தவறாகப் புரிந்திருந்தால் அந்த இடத்தைக் காட்டுங்கள் ஐயா, கற்றுக்கொள்கிறேன். விடைத்தாளின் நான்காம் பக்கம், 94, 164, 204ஆம் நூற்பாக்கள் உள்ள பக்கங்கள் ஆகியவற்றின் படங்களை இணைத்துள்ளேன். 164ஆம் நூற்பாவின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருப்பது தங்கள் மூன்றாம் வார விரிவுரையில் நான் எடுத்த குறிப்பு.

நேரம் ஒதுக்கிப் படித்ததற்கு நன்றி ஐயா.

இக்கண்,
யாழினி த/பெ முனியாண்டி
தமிழியல், இரண்டாம் ஆண்டு
கோலாலம்பூர்