அடையாறு வீட்டு ஹால்: மொசைக் தரை, சுண்ணாம்புச் சுவர், வரிக்கண்ணாடி (படத்துக்கான ப்ராம்ப்ட்)

சென்னை அடையாறில் 1970களில் கட்டிய ஒரு தரைத்தள வீட்டின் ஹால். நிஜப் புகைப்படமாக இருக்க வேண்டும், கிடைமட்டம், 3:2. தரையில் டெரஸ்ஸோ, பின்சுவரில் சுண்ணாம்புப் பூச்சு, சாப்பாட்டு அறைக்குப் போகும் வழியில் ஃப்ளூட்டட் கண்ணாடிக் கதவு. படத்தில் முக்கியமானவை இந்த மூன்றும்தான். மூன்றுமே வெளிர் நிறம், மூன்றிலும் லேசான மினுக்கம் உண்டு. அதனால் ஒன்றின் சாயல் இன்னொன்றில் ஏறிவிடக் கூடாது. தரை வெளிச்சத்தைப் பொடிப்பொடியாக உடைக்கிறது. சுவர் அதை உள்வாங்கி மெதுவாகப் பரப்புகிறது. கண்ணாடி அதை நிமிர்ந்த கோடுகளாக அறுக்கிறது. ஒவ்வொரு பரப்பையும் இந்த நடத்தையை வைத்தே வரைய வேண்டும். 'பளபளப்பான', 'ஆடம்பரமான' என்ற பொதுவான தோற்றம் எங்கும் வேண்டாம்.

அறை 18 அடி அகலம், 14 அடி ஆழம், கூரை 10 அடி உயரம். கேமரா பின்சுவரை நேராகப் பார்க்கிறது, தரையிலிருந்து 4 அடி உயரத்தில், 24 மி.மீ. லென்ஸ். நிமிர்ந்த கோடுகள் சாயக் கூடாது. கண்ணாடியின் வரிகள் செங்குத்தாக நின்றால்தான் அது கண்ணாடியாகத் தெரியும். முன்னாலிருந்து பின்சுவர் வரை எல்லாம் ஃபோகஸில் இருக்கட்டும், பின்னணி மங்கலாக வேண்டாம். படத்தின் கீழ்ப்பகுதியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகத் தரை. பின்சுவரின் இடது மூன்றில் இரண்டு பங்கு சுண்ணாம்புப் பூச்சு, வலது மூன்றில் ஒரு பங்கில் கண்ணாடிக் கதவு.

வெளிச்சம்: ஜூன் மாதம், காலை 8 மணி. பின்சுவர் தெற்கு, இடப்பக்கம் கிழக்கு. ஜூனில் சூரியன் நேர்க்கிழக்கிலிருந்து வடக்கே தள்ளி நிற்பதால், கிழக்குச் சன்னல் வழியாக வரும் வெயில் அறைக்குள் சாய்ந்து இறங்கிப் பின்சுவரை உரசிக்கொண்டு போகும். சன்னல் பின்மூலையை ஒட்டி இருக்கிறது: தேக்குச் சட்டம், கதவுகள் திறந்திருக்கின்றன, கம்பிகள் கிடைமட்டம். கம்பிகள் நிமிர்ந்து இருந்தால் அவற்றின் நிழல் கண்ணாடியின் வரிகளோடு குழம்பும், அதனால் கிடைக்கம்பிதான். சுவரில் வெயில் இடமிருந்து வலமாகத் தாழ்ந்துகொண்டே வந்து நடுவில் தரையைத் தொடுகிறது. கண்ணாடிக் கதவை நேர்வெயில் எட்டவில்லை. அங்கே சன்னலின் பரவலான வெளிச்சம் மட்டும் இடப்பக்கத்திலிருந்து படுகிறது. விளக்குகள் அணைந்திருக்கின்றன. மஞ்சள் ஃபில்டர் வேண்டாம், காலை வெயிலுக்கு உள்ள இளஞ்சூடு போதும்.

தரை. இது அந்த இடத்திலேயே சிமெண்டில் மார்பிள் சிப்ஸ் கலந்து ஊற்றி, இறுகிய பிறகு மெஷின் போட்டுத் தேய்த்த டெரஸ்ஸோ. நம் வீடுகளில் மொசைக் தரை என்று சொல்வது இதைத்தான். வண்ணச் சதுரத் துண்டுகளை ஒட்டி உருவம் செய்யும் மொசைக் வேறு, அது இங்கே வரக் கூடாது. சிப்ஸ் எல்லாம் தேய்த்து வெட்டுப்பட்டவை. எனவே எந்தக் கல்லும் மேலே துருத்தி நிற்காது, உருண்டையாகத் தெரியாது, தனக்கென்று நிழல் போடாது. கல்லும் சிமெண்டும் ஒரே மட்டம். ஒவ்வொரு கல்லின் விளிம்பும் கூர்மையாக, கோணல் மாணலாக இருக்கட்டும்: முக்கோணம், உடைந்த நாற்கரம், மெல்லிய சில்லு. அளவு 3 முதல் 12 மி.மீ. வரை கலந்து. பெரிய கற்களுக்கு நடுவில் சிறியவை நெருங்கி அடைந்திருக்க வேண்டும். கற்கள் பரப்பில் பெரும்பங்கு, சிமெண்ட் அவற்றுக்கு இடையில் தெரியும் மிச்சம். வெறும் சிமெண்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி தெளித்த துணி அச்சுத் தோற்றம் வந்தால் அது டெரஸ்ஸோ இல்லை. கையகலப் பளிங்கு உடைசல்களைப் பதிக்கும் பாணியும் இந்த வீட்டுக்குப் பொருந்தாது.

நிறம்: சிமெண்ட் சாம்பல் கலந்த வெள்ளை. கற்களில் பாதிக்கு மேல் பால்வெள்ளையும் மங்கிய மஞ்சளும், மீதியில் கறுப்பு, அடர் பச்சை, கொஞ்சம் செங்காவி. கறுப்பு குறைவாக இருந்தாலும் கண் முதலில் அதைத்தான் பிடிக்கும், எனவே அது எங்கும் ஒரே இடைவெளியில் வரிசை கட்டக் கூடாது. சில கற்களுக்குள் மெல்லிய நரம்பு இருக்கலாம், ஆனால் அந்த நரம்பு கல்லின் விளிம்போடு நின்றுவிட வேண்டும். ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு நரம்பு ஓடினால் மொத்தத் தரையும் பளிங்குப் பலகையாக மாறிவிடும்.

தரை 3 அடிச் சதுரங்களாகப் பிரிந்திருக்கிறது. அந்தக் காலத்து வீடுகள் பலவற்றில் பிரிப்புப் பட்டை கண்ணாடியாகவே இருக்கும். இங்கே 3 மி.மீ. அலுமினியப் பட்டை, தேய்ந்து மங்கிய சாம்பல் கோடு. படத்தில் கண்ணாடி கதவில் மட்டும் இருக்கட்டும். சதுரத்துக்குச் சதுரம் கற்களின் அடுக்கு வேறு வேறு, ஒரே சதுரத்தை நகலெடுத்து நிரப்பக் கூடாது. சுவரோரம் 5 அங்குல உயரத்துக்கு அதே மொசைக்கில் ஸ்கர்ட்டிங், தரையும் அதுவும் சேரும் இடம் லேசாக வளைந்து ஏறுகிறது. அந்த வளைவை விட்டுவிட வேண்டாம். துடைப்பமும் ஈரத்துணியும் போய்வர வசதியாக அன்றைக்குச் செய்த வேலை அது, டைல்ஸ் ஒட்டிய தரையில் கிடைக்காது.

தரையின் மினுக்கம் அடக்கமானது. ஐம்பது வருடம் நடந்து துடைத்த பரப்பு. கற்கள் சிமெண்டைவிட ஒரு படி அதிகமாக மின்னும், சிமெண்ட் சற்று மங்கல். அதனால் வெயில் படும் இடத்தில் மினுக்கம் ஒரே தாளாக விரியாமல் சிறு சிறு துண்டுகளாகச் சிதறித் தெரியும். வெயிலுக்கு வெளியே, பின்சுவரும் கண்ணாடியும் தரையில் மங்கிய நிறமாக மட்டும் பிரதிபலிக்கின்றன. அந்தப் பிரதிபலிப்பில் கண்ணாடியின் வரிகளை எண்ண முடியக் கூடாது. கேமராவுக்கு அருகில் ஒவ்வொரு கல்லும் தெளிவு. பின்னால் போகப் போகக் கற்கள் சிறுத்து, தட்டையாகி, கடைசியில் ஒரு பொடி நிறமாகக் கலந்துவிடும்.

பின்சுவர், இடப்பக்கம். செட்டிநாட்டுச் சுண்ணாம்புப் பூச்சு. நீற்றி அரைத்த சுண்ணாம்பு, நுண்மணல், கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர், மேல்பூச்சில் முட்டை வெள்ளைக்கரு. பல பூச்சாக ஏற்றிக் கரண்டியால் அழுத்தித் தேய்த்தது. முழுப் பளபளப்பு வரை கொண்டுபோன காரைக்குடிச் சுவராக இல்லாமல் அதற்கு ஒரு நிலை முன்னால் நிறுத்திய சுவர் வேண்டும்: நேரே பார்த்தால் மேட், வெயில் உரசும் கோணத்தில் மட்டும் முட்டை ஓட்டின் மேல் இருக்கும் மெல்லிய மினுக்கம்.

இந்தச் சுவரில் விளிம்பு என்று எதுவும் கிடையாது. தரையிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது அதுதான். நிறம் ஒரு இடத்தில் அரை நிழல் கூடி இன்னொரு இடத்தில் குறையும், ஆனால் எங்கே மாறுகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. கொத்தனாரின் கை எட்டும் அளவுக்கு அகலமான, ஒன்றின் மேல் ஒன்று ஏறிய கரண்டி வீச்சுகள், வெயில் படும் பகுதியில் மட்டும் மெல்லத் தெரிகின்றன. நிழலில் அவை மறைந்துவிடுகின்றன. வீச்சுகள் எல்லாம் ஒரே திசையில் போகாது, ஒரே நீளமும் இல்லை. தொட்டால் வழுவழுப்பு, அதனால் மேடுபள்ளம், சொரசொரப்பு, மணல் துகள் எதுவும் தெரியக் கூடாது. புள்ளி வேண்டாம், நரம்பு வேண்டாம், பாளம் பாளமாகச் சேர்ந்த கோடு வேண்டாம். விரிசலும் காரை உதிர்வும் வேண்டாம். சுண்ணாம்புச் சுவர் என்றாலே பாழடைந்த வீட்டைக் காட்டும் பழக்கம் இருக்கிறது. இது புதிதாகப் பூசி, காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்து மெல்ல இறுகிக்கொண்டிருக்கும் நல்ல சுவர். நிறம் வெதுவெதுப்பான வெள்ளை, மஞ்சளுக்குப் போகாமல். ஓரமும் சன்னல் பக்கத்து மூலையும் கத்தி போலக் கூராக இல்லாமல் சற்று மழுங்கி இருக்கட்டும். சுவரில் படம், அலமாரி, விளக்கு எதுவும் மாட்டவில்லை.

பின்சுவர், வலப்பக்கம். மெல்லிய கறுப்பு இரும்புச் சட்டத்தில் இரண்டு கண்ணாடிப் பலகைகள், ஒவ்வொன்றும் 600 மி.மீ. பார்வை அகலம், 7 அடி உயரம். கண்ணாடி 8 மி.மீ. தடிமன், வரி ஒவ்வொன்றும் 12 மி.மீ. ஆக ஒரு பலகைக்கு 50 வரிகள். எல்லாம் செங்குத்து, சம இடைவெளி, மேலிருந்து கீழ்வரை இடையில் அறுபடாமல். வரியுள்ள முகம் ஹாலைப் பார்க்கிறது. வழவழப்பான முகம் சாப்பாட்டு அறைப் பக்கம், எண்ணெய்க் கறையைத் துடைக்க வசதி. நிறமில்லாத கண்ணாடி, பனி பூசியதோ பால்வெள்ளையோ இல்லை. பாதி திறந்த பலகையின் ஓரத்தில் மட்டும் மெல்லிய பச்சை தெரியலாம்.

இங்கே கவனம் தேவை. ஒவ்வொரு வரியும் ஒரு நீள லென்ஸ். அது பின்னால் இருப்பதைப் பக்கவாட்டில்தான் வளைக்கும், மேலும் கீழும் வளைக்காது. ஆகவே பின்னால் இருக்கும் சாப்பாட்டு மேசையின் விளிம்பு தன் உயரத்தில் கிடைக்கோடாகவே நிற்கும், வரிக்கு வரி சிறு வெட்டுகளோடு. நாற்காலியின் கால்களோ உடைந்து, பக்கத்து வரியில் மறுபடி தோன்றி, சில இடத்தில் காணாமல் போகும். கண்ணாடியை ஒட்டி ஒரு பித்தளைக் குடம் இருக்கிறது, அதன் உருவம் நன்றாகவே புரியும். மேசைக்கு அப்பால் நிற்கும் பச்சைப் புடவைப் பெண் வெறும் பச்சை நிறமாகக் கரைந்திருப்பார், ஆனால் தலை எங்கே, தோள் எங்கே என்று உயரத்தை வைத்துச் சொல்லிவிடலாம். மொத்தமாக மங்கலாக்கிவிட்டு அதன் மேல் கோடு போட்டால் அது ஒட்டுப்படம். வரிகளின் இடப்பக்கச் சரிவில் சன்னல் வெளிச்சம் மெல்லிய கோடாக ஓடுகிறது, வலச்சரிவு சற்று இருள். திறந்த பலகைக்கு அருகே உள்ள இடைவெளியில் அதே மேசை நேராக, தெளிவாகத் தெரியட்டும். கண்ணாடி என்ன செய்கிறது என்பது அந்த ஒப்பீட்டில் உடனே புரிந்துவிடும்.

வெயில் இந்தக் கண்ணாடி வழியாக வரவில்லை. அதனால் தரையில் வரி வரியான நிழல் விழக் கூடாது. வரி கண்ணாடியில் மட்டும்: மரத்திலும் சுவரிலும் ஃப்ளூட்டட் பேனல் வேண்டாம்.

சாமான் குறைவு. இடப்பக்கம் பிரம்பு பின்னிய ஒரு தேக்கு நாற்காலி, தரையில் மடித்த செய்தித்தாள். பெரிய கம்பளம் விரித்துத் தரையை மூட வேண்டாம். இந்த வீட்டுக்காரர்கள் மொசைக்கை உடைத்து டைல்ஸ் போடுவதா, அப்படியே பாலிஷ் போட்டு வைத்துக்கொள்வதா என்று இந்தப் படத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கப் போகிறார்கள். உண்மையில் இருப்பதைவிட அழகாகக் காட்டினால் அவர்களை ஏமாற்றியதாகும், குறைவாகக் காட்டினால் ஒரு நல்ல தரை போய்விடும். ஒரு சதுரத்தின் மூலையில் பழைய சிறு கீறலும், நாற்காலி இழுத்த மங்கலான தடமும் இருக்கட்டும்.

வேண்டாதவை: பளிங்கு நரம்பு, கான்கிரீட் சுவர், எப்பாக்சி மினுக்கம், ஈரத்தரைப் பிரதிபலிப்பு, திரும்பத் திரும்ப வரும் அச்சு, தங்க நிறப் பட்டை, பனிக்கண்ணாடி, அலை வடிவக் கண்ணாடி, வளைந்த வரிகள், சுவரில் புள்ளி, தரையில் மேகத்திட்டு, ஒளிவட்டம், எழுத்து, வாட்டர்மார்க்.