பாப்பாவின் தடுப்பூசி அட்டை: இனி போட வேண்டியவை

வணக்கம்மா. அட்டையைப் பார்த்தேன். பாப்பா பிறந்தது 3.3.2025. பிறந்த அன்றே பிசிஜி, மஞ்சள் காமாலை ஊசி, போலியோ சொட்டு மருந்து மூன்றும் ஆகிவிட்டன. ஏப்ரல் 16-ல் ஒன்றரை மாத ஊசியும் போட்டாச்சு. அதற்குப் பிறகு நீங்கள் அம்மா வீட்டுக்குப் போனதில் இரண்டரை மாதம், மூன்றரை மாதம் இரண்டும் விட்டுப்போச்சு.

முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பயந்துகொண்டு வராமல் இருப்பதுதான் தப்பு.

ஆகஸ்ட் 6, புதன்: ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசி, போலியோ சொட்டு, வயிற்றுப்போக்குக்கான ரோட்டா சொட்டு மூன்றிலும் இரண்டாம் தவணை. கூடவே போலியோ ஊசி, நிமோனியாவுக்கான பிசிவி ஊசி. ஒரே நாளில் மூன்று ஊசியா என்று பாட்டி கேட்பார், போடலாம், ஆபத்தில்லை. அன்றிரவு லேசான காய்ச்சல், தொடையில் வீக்கம் வரலாம். ஐஸ், எண்ணெய் எதுவும் தேய்க்காதீர்கள். நான் தரும் மருந்தைச் சொன்ன அளவில் மட்டும் கொடுங்கள். காய்ச்சல் விடாவிட்டாலோ, பால் குடிக்காவிட்டாலோ உடனே கூட்டி வாங்க.

செப்டம்பர் 3: பென்டாவேலன்ட், போலியோ சொட்டு, ரோட்டா மூன்றாம் தவணை. இரண்டாம் தவணை போட்டு நான்கு வாரம் ஆவதற்கு முன்னால் போடக்கூடாது.

டிசம்பர் 3, ஒன்பது மாதம்: தட்டம்மை-ரூபெல்லா முதல் ஊசி, பிசிவி, போலியோ ஊசி, வைட்டமின் ஏ. அடுத்தது பாப்பாவுக்கு 16 மாதம் முடிந்த பிறகு.

சளி லேசாக இருந்தாலும் வரலாம். அட்டையை மறக்காதீங்க.