தாழை வேலைக்கு வரவில்லை, ஆனால் ஒரு சேதி இருக்கிறது

வணக்கம் அக்கா,

சம்பையிலிருந்து எழுதுகிறேன், பாசி மிதவைக்காரி. கடலடியில் புல்லாக வளர்கிற தாழையை அளக்கும் சர்வேக்கு உதவியாளராக வரச் சொல்லி நீங்கள் கூப்பிட்டு, நான் முடியாது என்று சொன்ன பிறகு பேசவே இல்லை. வேலைக்கு வரவில்லை என்றால் பேச்சும் நின்றுவிட வேண்டுமா என்ன? நலமா? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? போன தடவை வந்தபோது அதை நினைத்தே பாதி நேரம் போனில் இருந்தீர்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மனசு மாறி வேலை கேட்டு எழுதவில்லை. அன்றைக்குச் சொன்ன காரணம் அப்படியேதான் இருக்கிறது. குழுவில் மிதவை போட்ட பெண்கள் எல்லாம் என் அம்மா வயசு, கணக்கும் பேங்க் வேலையும் என் தலையில், நடுவில் விட்டுவிட்டு இரண்டு வருஷம் உங்களோடு கடலில் அளந்துகொண்டிருக்க முடியாது. ஆனால் நீங்கள் என்னைக் கேட்டீர்கள் என்பது எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிற பேச்சு. அப்பா டீக்கடையில் போய்ச் சொல்லியிருக்கிறார், பாதி கூட்டிச் சொல்லியிருப்பார், அது வேறு விஷயம்.

இப்போது எழுத வந்த சேதி. வாடை தணிந்து வடகடல் படிந்ததும் எங்கள் பக்கத்து வல்லத்துக்காரர் நண்டுவலை விடப் போனார். தண்ணீர் தெளிந்து கிடந்ததாம். தாழைக்கு நடுவே ஏர் ஓட்டின சால் மாதிரி நீளமாக, வெறும் மணல் தெரிகிற கோடுகள், ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு போகின்றன என்றார். கடற்பசுவைத்தான் சொல்கிறார், "ஆவுளியா மேய்ஞ்ச தடம்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு வலையை உதற ஆரம்பித்துவிட்டார். எனக்குத்தான் கை பரபரத்தது, உங்கள் ஞாபகம் வந்தது. இழுவலை போன தடமாக இருக்குமோ என்று கேட்டதற்கு, அது இவ்வளவு வளைந்து நெளிந்து போகாது, கரைக்கு இவ்வளவு கிட்டேயும் வராது என்றார். அவர் கண்ணால் பார்த்தது, நான் பார்க்கவில்லை. போட்டோவும் இல்லை, போனை கடலுக்குக் கொண்டு போகிற ஆள் இல்லை அவர். இடத்தைக் கரையிலிருக்கும் அடையாளம் வைத்துச் சொன்னார், எழுதி வைத்திருக்கிறேன். இதில் எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டேன், நேரிலோ போனிலோ சொல்கிறேன். நாலு பேருக்குத் தெரிந்தால் நாற்பது பேர் வேடிக்கை பார்க்கப் போவார்கள்.

கடற்பசுக் காப்பகம் 2022-ல் அறிவித்தபோது 448 சதுர கிலோமீட்டரும் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம்தான் என்று நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறது. எங்கள் பக்கத்துத் தாழையை யார் எண்ணி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டீர்களே, அதனால்தான் இந்தத் தடம் உங்களுக்கு உபயோகப்படும் என்று நினைத்தேன்.

அப்புறம், எப்போது வருவது என்பது. உங்கள் திட்டத்தில் ஐப்பசி, கார்த்திகை மாசமும் இருந்ததைப் பார்த்தேன், அன்றைக்கே சொல்ல நினைத்து விட்டுப்போனது. அந்த மாசங்களில் வடகடலில் இறங்கவே முடியாது, நாங்களே மிதவையைக் கழற்றிக் கரையேற்றி, விதைப்பாசியை எப்படிக் காப்பாற்றுவது என்று அல்லாடுகிற காலம். தண்ணீரும் கலங்கி, கையை விட்டால் கை தெரியாது. மாசி, பங்குனி நல்லது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடையில் விசைப்படகு போகாது, கடல் காலியாக இருக்கும், அப்போது வரலாம் என்று தோன்றும். ஆனால் நாட்டுப்படகுக்கு அந்தத் தடை இல்லை, மீன் விலையும் ஏறிக் கிடக்கும், அந்த நேரத்தில் சர்வேக்கு வாடகை விட எந்த வல்லத்துக்காரருக்கும் மனசு வராது. வந்தாலும் இரண்டு மடங்கு கேட்பார்கள். தடைக்கு முன்னாடியே முடித்துக்கொள்வதுதான் காசுக்கு லாபம்.

இன்னொன்று, நீங்கள் போட்டிருந்த அட்டவணையில் வெள்ளியும் ஞாயிறும் கடல் வேலை. வேதாளை, பெரியபட்டினம் பக்கம் வெள்ளிக்கிழமை ஆள் பிடிப்பது கஷ்டம், தங்கச்சிமடம் பக்கம் ஞாயிற்றுக்கிழமை கஷ்டம். எந்தக் கரையில் எந்த நாள் என்று மாற்றிப் போட்டால் ஒரு நாளும் வீணாகாது.

அந்த வேலைக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டதா? கிடைத்திருந்தால் இந்தப் பத்தியை விட்டுவிடுங்கள். இல்லையென்றால் எங்கள் தெருவிலேயே ஒரு பெண் இருக்கிறாள், விலங்கியல் படித்துவிட்டு ராமநாதபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருக்கிறாள். சின்ன வயசிலிருந்து அம்மாவோடு பாசி எடுக்கப் போனவள், மூச்சடக்கி முங்குவதில் என்னைவிட ஒரு படி மேல். எழுத்து முத்து முத்தாக இருக்கும், நீங்கள் கட்டம் போட்டுக் கொடுத்தால் ஒரு கட்டம் விடாமல் நிரப்புவாள். குறையையும் சொல்லிவிடுகிறேன்: போனை எடுக்க மாட்டாள், வாய்ஸ் மெசேஜ் போட்டால்தான் பதில் வரும். அவளிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் சரி என்றால் முதலில் அவள் அம்மாவிடம் நான் பேசுகிறேன், அந்தப் படியைத் தாண்டினால்தான் மற்றது.

எங்கள் கதை கேட்டால், நல்லாவும் இருக்கிறது, ஓராவும் இருக்கிறது. அடி வலையில் ஒரு ஓட்டை விழுந்தால் போதும், ஓரா மீன் கூட்டமாக நுழைந்து பாசியின் நுனியை எல்லாம் கொறித்து, வெறும் தண்டாக விட்டுவிட்டுப் போய்விடும். பன்னிரண்டடி மிதவைக்கு அறுபது கிலோ விதைப்பாசி கட்டினால் நாற்பத்தைந்து நாளில் இருநூறு கிலோவுக்கு மேல் வர வேண்டும், ஓரா புகுந்த மிதவையில் கட்டின விதையே திரும்பவில்லை. அந்த மிதவைக்கார அக்கா ஒரு நாள் முழுக்க யாரிடமும் பேசவில்லை. மறுநாள் காலையில் அவரே முதல் ஆளாக வந்து வலைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். இப்போது முறை வைத்து எல்லார் வலையையும் முங்கிப் பார்க்கிறோம். நீங்கள் கீழே இறங்குகிறவர், வந்தால் எங்கள் மிதவைக்கு அடியில் கிடக்கும் தாழையையும் ஒரு தடவை பாருங்கள். நாங்கள் வளர்க்கிற பெப்சிப் பாசியின் நிழல் விழுந்து தாழை செத்துப்போகிறதா என்று குழுவிலேயே ஒரு வாக்குவாதம் ஓடுகிறது, இரண்டு பக்கமும் குரல் பெரிசு, அளந்து பார்த்தவர் யாருமில்லை. கெட்ட பதிலாக இருந்தாலும் சொல்லுங்கள், மிதவையை மணல் பக்கம் தள்ளிக் கட்டிக்கொள்வோம்.

போன தடவை மண்டபத்தோடு ரயில் நின்று, பையும் ஆக்சிஜன் உருளை மாதிரி ஏதோ ஒன்றுமாக பஸ்ஸில் ஏறி வந்தீர்கள். புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்ததிலிருந்து ராமேஸ்வரம் வரைக்கும் ரயில் வருகிறது, நேராக இங்கேயே இறங்கலாம். அப்பாவின் ஆட்டோக்கார நண்பர் கூட்டிவருவார், பேரம் பேச வேண்டாம்.

பதில் அவசரமில்லை. மாசியில் வருவதாக இருந்தால் மட்டும் பத்து நாள் முன்னாடி சொல்லுங்கள், வல்லத்துக்காரரிடம் வாடகை பேசி வைக்கிறேன். டீசல் உங்களுடையது, சாப்பாடு எங்கள் வீட்டில்.

அன்புடன்,
சம்பையிலிருந்து உங்கள் தங்கச்சி