இருபது ரூபாய் இன்சூரன்ஸ்: விடுதியில் பட அட்டை காட்டிப் பேச

(ஞாயிறு மாலை, சிங்கப்பூர்த் தொழிலாளர் விடுதியின் பொது அறை. வீட்டுக்கு வீடியோ கால் போட்டவர்கள் போனை அட்டைப் பக்கம் திருப்பி வைக்கட்டும். அட்டையில் எழுத்து வேண்டாம், படம் மட்டும் போதும்.)

அட்டை 1: இருபது ரூபாய் நோட்டு, பக்கத்தில் ஒரு கிளாஸ் டீ.

இதோட முழுப்பேரு பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா. பாஸ்புக்குல PMSBYன்னு இருக்கும். 2015ல வந்தப்போ வருஷத்துக்கு 12 ரூபாய், 2022 ஜூன்ல இருந்து 20. அரை வெள்ளிகூட இல்லை. இங்க ஒரு டீ குடிக்கிற காசுல ஊர்ல மூணு பேருக்கு ஒரு வருஷம் கட்டிடலாம்.

அட்டை 2: தென்னை மரம், பாம்பு, பைக், கிணறு. கீழே, கட்டிலில் காய்ச்சலோடு ஒருவர், அவர் மேல் பெரிய சிவப்புக் குறுக்குக்கோடு.

மேல இருக்கிற நாலும் விபத்து. இறந்துட்டா வாரிசா பேர் கொடுத்தவருக்கு 2 லட்சம். ரெண்டு கண்ணோ, ரெண்டு கையோ, ரெண்டு காலோ முழுசா போனாலும் 2 லட்சம். ஒரு கண்ணோ, ஒரு கையோ, ஒரு காலோ மட்டும் போனா 1 லட்சம். கால் முறிஞ்சு கட்டுப் போட்டுச் சரியாயிட்டா ஒண்ணும் கிடைக்காது. ஆஸ்பத்திரி பில்லும் தரமாட்டாங்க. நெஞ்சுவலி, காய்ச்சல், தற்கொலை எதுவும் இதுல சேராது. ஊர்ல பாதிச் சண்டை இதைப் புரிஞ்சுக்காததுலதான் வருது. அதனால இந்த அட்டையை அவசரமா திருப்பாதீங்க.

அட்டை 3: பதினெட்டு வயசுப் பையன், எழுபது வயசுப் பாட்டி, நடுவில் ஒரே ஒரு பாஸ்புக்.

வயசு 18ல இருந்து 70 வரைக்கும். வருமானம், நிலம், ரேஷன் கார்டு எதுவும் கேட்கமாட்டாங்க. வங்கியிலயோ தபால் ஆபீஸ்லயோ சேமிப்புக் கணக்கு இருக்கணும், அவ்வளவுதான். அப்பாவும் அம்மாவும் கூட்டுக் கணக்கு வச்சிருந்தா ரெண்டு பேருமே சேரலாம், ஆளுக்கு 20. ஆனா ஒருத்தரே ரெண்டு வங்கியில கட்டினா, ஒண்ணுக்குத்தான் பணம் வரும், இன்னொரு 20 போனது போனதுதான். சிங்கப்பூர்ல இருக்கிற நீங்களும் ஊர்க் கிளையில கணக்கு இருந்தா சேரலாம். தொகை ரூபாயிலதான் கிடைக்கும். இங்க வேலையில அடிபட்டா வர்ற இழப்பீடு வேற, அதையும் இதையும் குழப்பிக்காதீங்க.

அட்டை 4: ஒரு பக்கம் படிவம், அதில் பெரிதாக வரைந்த ரெண்டு கட்டம்.

வங்கியிலயோ, ஊருக்கு வர்ற வங்கிப் பிரதிநிதிகிட்டயோ படிவம் வாங்குங்க. jansuraksha.gov.inல தமிழ்லயே இருக்கு. முதல் கட்டம், வாரிசு பேர். கல்யாணத்துக்கு முன்னாடி சேர்ந்தவங்க அம்மா பேரைப் போட்டு அப்படியே விட்டுடறாங்க. மாத்தணும்னா வங்கியிலயே மாத்திக்கலாம். சின்னப் பிள்ளை பேரைப் போட்டா, காப்பாளர் பேரும் எழுதணும். ரெண்டாவது கட்டம், கணக்குல இருந்து வருஷா வருஷம் 20 எடுத்துக்கலாம்னு கையெழுத்து. கையெழுத்து போட்டுக் கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்க. அதுதான் உங்க காப்பீட்டுச் சான்று.

அட்டை 5: காலி உண்டியல், மேலே மே மாத நாள்காட்டி.

ஜூன் 1ல இருந்து அடுத்த மே 31 வரைக்கும் ஒரு வருஷம். மே கடைசியில வங்கி 20ஐ எடுக்கும். இங்கதான் நம்மாளுங்க கோட்டை விடறாங்க: மாசம் பத்தாம் தேதி நீங்க அனுப்புற பணத்தை வீட்டுல கிட்டத்தட்ட முழுசா எடுத்துடறாங்க, மீதி கொஞ்சத்தை எஸ்எம்எஸ் கட்டணம் தின்னுடுது. கணக்குல 20 இல்லைன்னா காப்பீடு நின்னுடும். மே மாசம் ஐம்பது ரூபாய் தொடாம விடச் சொல்லுங்க.

அட்டை 6: போலீஸ் தொப்பி, ஆஸ்பத்திரிச் சீட்டு.

பைக், ரயில், தண்ணியில மூழ்கினதுன்னா போலீஸ்ல புகார் பதிஞ்சே ஆகணும். பாம்பு கடிச்சாலோ மரத்துல இருந்து விழுந்தாலோ, உடனே ஆஸ்பத்திரியில காட்டின பதிவு போதும். “நாட்டு வைத்தியர்கிட்ட போனோம், மறுநாள் இறந்துட்டார்”னு வாயால சொன்னா யாரும் ஏத்துக்கமாட்டாங்க. நடந்து 30 நாளுக்குள்ள கணக்கு இருக்கிற கிளையில கோரிக்கைப் படிவம் கொடுக்கணும். கூடவே இறப்புச் சான்று, பிரேதப் பரிசோதனை அறிக்கை. ஊனம்னா அரசு மருத்துவர் தர்ற சான்று. பதினாறாம் நாள் காரியம் முடியட்டும்னு காத்திருந்தா பாதி நாள் போயிடும்.

(இப்போது எல்லாரும் வீட்டில் பாஸ்புக்கை எடுக்கச் சொல்லட்டும். மே, ஜூன் வரிகளில் 20.00 கழிந்திருக்கிறதா என்று ஒவ்வொருவராகப் பார்க்கவும். இல்லாதவர்களுக்கு மட்டும் படிவம். இடையில் சேர்ந்தாலும் முழு 20 ரூபாய்தான், காப்பீடு மே 31 வரைக்கும்தான் என்பதைச் சொல்லிக் கொடுக்கவும்.)