12 அங்குல வார்ப்பிரும்பு தோசைக்கல்: உங்கள் இரண்டு நட்சத்திரக் கருத்துக்குக் கடையின் பதில்

வணக்கம்.

மார்ச் 11 அன்று எங்களிடம் தோசைக்கல் வாங்கினீர்கள். ஏப்ரல் 2 அன்று இரண்டு நட்சத்திரம் கொடுத்துக் கருத்தும் எழுதினீர்கள். நட்சத்திரம் எங்களிடம் இருக்கிறது; நீங்கள் எழுதியது இல்லை. போன மாதம் கடைப் பக்கத்தைப் புதிய தளத்துக்கு மாற்றினோம். பழைய கருத்துகளில் தேதியும் நட்சத்திரமும்தான் வந்து சேர்ந்தன. எழுத்தைப் படியெடுக்காமலே விட்டிருக்கிறோம். பழைய பக்கத்தை மூடிய பிறகே அது தெரிந்தது. தவறு எங்களுடையது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

'கருத்துக்கு நன்றி, கவனத்தில் கொள்கிறோம்' என்று எழுதிவிட்டுப் போக மனம் வரவில்லை. படிக்காமல் எதைக் கவனத்தில் கொள்வது? குறை இன்னதுதான் என்று நாங்களாக நினைத்துக்கொண்டு சமாதானம் சொல்வதும் முறையல்ல. சிரமம் பார்க்காமல் மறுபடி இரண்டு வரி எழுதுங்கள்.

அதுவரை கல் சும்மா கிடக்க வேண்டாம். முதலில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வார்ப்பிரும்பு அடிபட்டால் நசுங்காது, விரிசல்தான் விடும். வண்டியில் ஏற்றி இறக்கும்போது மயிரிழை போல விழுந்தால் கண்ணுக்கும் எளிதில் படாது. கைப்பிடியைப் பிடித்துக் கல்லைத் தொங்கவிட்டு, மரக்கரண்டியின் காம்பால் தட்டுங்கள். நல்ல கல் கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்டது அடைத்த குரலில் பேசும். அப்படிக் கேட்டால் அடுப்பில் வைக்காதீர்கள். வேறு கல் அனுப்புகிறோம், போக வரக் கூரியர் செலவும் எங்களுடையது.

கல் நன்றாக இருந்து தோசை மட்டும் ஒட்டுகிறது, அல்லது துரு ஏறியிருக்கிறது என்றால், தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, அடுப்பிலேயே ஈரம் போகக் காயவையுங்கள். பிறகு நல்லெண்ணெயைத் துணியால் மிக மெல்லியதாகத் தடவி, லேசாகப் புகை வரும்வரை சூடாக்கி ஆறவிடுங்கள். எண்ணெய் கூடினால் பிசுபிசுப்பு தங்கிவிடும். இதை மூன்று நான்கு முறை செய்தபின் பாதி வெங்காயத்தால் தேய்த்து ஊற்றிப் பாருங்கள். முதல் சில தோசைகள் பிய்ந்து வந்தாலும் கல் பழகிவிடும். இந்த விவரத்தை அச்சடித்துப் பெட்டியில் வைப்பது எங்கள் வழக்கம். உங்கள் பெட்டியில் தாள் இல்லையென்றால் அதையும் சொல்லுங்கள்.

இந்தப் பதிலுக்குக் கீழேயே எழுதலாம். தொலைபேசி எண்ணை மட்டும் இங்கே பொதுவில் போட வேண்டாம். பேசுவது வசதி என்றால் பில்லில் உள்ள எண்ணுக்குக் காலை 10 முதல் இரவு 8 வரை அழையுங்கள். பில் தேதியைச் சொன்னால் போதும், நானே பேசுகிறேன்.

நட்சத்திரத்தை மாற்றும்படி கேட்கவில்லை. நீங்கள் எழுதுவது ஒரு சொல்லும் மாறாமல் இங்கே இருக்கும்.

கடை உரிமையாளர்,
கோயம்புத்தூர்